நேர்மாறு சார்பின் தொகையீடு: விடை தப்பினால் எங்கே பார்ப்பது

தர்மபுரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் பாதிப்பேர். நேர்மாறு சார்பைத் தொகையிடும் கணக்கைக் கொடுத்தால் நோட்டுகளில் ஒரே மாதிரியான தவறுகள்தான் மறுபடி மறுபடி வருகின்றன. இதில் ஒரு வசதி இருக்கிறது. எந்தத் தவறு நடந்தது என்பதை வரிவரியாகத் தேட வேண்டியதில்லை, தப்பான விடையின் தோற்றமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இங்கே விடையிலிருந்து தவறுக்குப் போகிறோம்.

ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். f(x) = x³ + x. அதன் நேர்மாறு g. கேள்வி இதுதான்:

∫₂¹⁰ g(y) dy = ?

அறிகுறி: g(y)-க்குச் சூத்திரமே கிடைக்கவில்லை, முதல் வரியிலேயே நிற்கிறது

y = x³ + x என்று எழுதி, x-ஐத் தனியாகப் பிரிக்கப் பார்த்து, அரைப் பக்கம் அடித்துத் திருத்தியிருக்கும். சென்ற பருவத்தில் ஒரு பையன் கேட்டான்: "சார், முப்படிச் சமன்பாட்டுக்குக் கார்டனோ ஃபார்முலா இருக்காமே, அதைப் போட்டா வருமா?" வரும் கண்ணு. ஆனால் கனமூலத்துக்குள் வர்க்கமூலம் உட்கார்ந்திருக்கும், அப்படி இரண்டு உறுப்பு. அதைத் தொகையிட உட்கார்ந்தால் கடைசி பஸ் போய்விடும்.

g-இன் சூத்திரம் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. தேவைப்படுவது g-இன் இரண்டே மதிப்புகள்: g(2), g(10). x³ + x எப்போது 2 ஆகும்? x = 1. எப்போது 10 ஆகும்? x = 2. மனக்கணக்கிலேயே வந்துவிட்டது.

இப்போது ஒரு கிராஃப் தாளில் y = x³ + x வளைவரையை வரையுங்கள். (1, 2), (2, 10) என்ற இரண்டு புள்ளிகளையும் அழுத்திக் குறியுங்கள். ஆதியிலிருந்து (2, 10) வரை ஒரு பெரிய செவ்வகம் போடுங்கள். பரப்பு 20. ஆதியிலிருந்து (1, 2) வரை ஒரு சின்னச் செவ்வகம். பரப்பு 2. பெரியதிலிருந்து சின்னதை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது ஒரு மூலைமட்டம் போன்ற வடிவம், பரப்பு 18. வளைவரை இந்த வடிவத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கீழே x-அச்சின் மேல் உட்கார்ந்திருப்பது ∫₁² f(x) dx. இடப்பக்கம் y-அச்சை ஒட்டி, y = 2 முதல் y = 10 வரை இருப்பது மற்றொன்று.

அந்த இடப்பக்கத் துண்டுதான் நமக்கு வேண்டியது. நம்பிக்கை வரவில்லையா? தாளைப் பின்பக்கமாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். y-அச்சு கிடைமட்டமாக, எண்கள் வலப்பக்கம் ஏறும்படி, தாளைச் சுழற்றிக்கொள்ளுங்கள். இப்போது தெரிகிற வளைவரை g. நீங்கள் செய்தது y = x என்ற கோட்டில் பிரதிபலிப்பு, வேறொன்றுமில்லை. இடப்பக்கம் இருந்த துண்டு இப்போது g-இன் அடியில் 2 முதல் 10 வரை படுத்திருக்கும். தாளைத் திருப்பினால் பரப்பு மாறாது. ஆகவே

∫₁² f(x) dx + ∫₂¹⁰ g(y) dy = 20 − 2 = 18

முதல் தொகையீடு சுலபம்: 15/4 + 3/2 = 21/4. எனவே விடை 18 − 21/4 = 51/4, அதாவது 12.75.

பொதுவாக எழுதினால்,

∫ₐᵇ f(x) dx + (f(a) முதல் f(b) வரை g-இன் தொகையீடு) = b·f(b) − a·f(a)

f தொடர்ச்சியாகவும் ஏறிக்கொண்டேயும் இருந்தால் போதும், வகைக்கெழு இருக்க வேண்டும் என்றுகூட இந்தப் படம் கேட்பதில்லை. நம் f-க்கு வகைக்கெழு 3x² + 1, அது எப்போதும் நேர்மம், ஆகவே ஏறும் சார்பு என்பதில் சந்தேகமில்லை. இந்த ஒரு வரியை விடைத்தாளில் எழுதாமல் விடாதீர்கள். ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

அறிகுறி: விடை 1-க்கும் கீழே, அதில் log வேறு இருக்கிறது

விடை ln 5 − ½ ln(20.2), ஏறத்தாழ 0.107 என்று வந்திருந்தால் f⁻¹ என்பதை 1/f என்று எடுத்துவிட்டீர்கள். மேலே இருக்கும் −1 அடுக்கு இல்லை. கேள்வித்தாளில் f⁻¹ என்று இருந்தாலும் நோட்டில் g என்று பெயர் மாற்றி எழுதிக்கொண்டால் இந்தத் தவறு வராது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அறிகுறி: விடை ஆயிரக்கணக்கில், அல்லது மைனஸில்

இது எல்லைகளில் வரும் குழப்பம். 2, 10 இரண்டும் y-இன் மதிப்புகள். அவற்றைத் தூக்கி f-இன் தொகையீட்டில் போட்டால் ∫₂¹⁰ (x³ + x) dx = 2544 வரும். அதை எதிலிருந்து கழித்தாலும் உருப்படாது. g-க்கு 2, 10 என்றால் f-க்கு 1, 2.

ஒவ்வொரு எல்லையும் எந்த அச்சின் எண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் படம் போட நேரம் இருக்காது என்பவர்கள் பிரதியிடல் வழியைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் எல்லை தானாக மாறும். y = f(x) என்று பிரதியிட்டால் g(y) = x, dy = f′(x) dx. ஆகவே

∫₂¹⁰ g(y) dy = ∫₁² x f′(x) dx

இதற்குப் பகுதித் தொகையிடலைப் போட்டால் [x f(x)] − ∫ f(x) dx, அதே 18 − 21/4. அந்த [x f(x)] தான் படத்தில் இரண்டு செவ்வகங்களின் வித்தியாசம். நம் கணக்கில் பை பார்ட்ஸ்கூட வேண்டாம்: ∫₁² (3x³ + x) dx = 45/4 + 3/2 = 51/4, நேராகவே வந்துவிடுகிறது. போர்டு தேர்வில் படத்தை நம்பி ஒரே வரியில் விடை எழுதுவதைவிட இந்தப் பிரதியிடல் வரிகளை எழுதுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். படம் உங்களுக்கு, வரிகள் திருத்துகிறவருக்கு.

அறிகுறி: விடை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்து பெஞ்சுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகவில்லை

இதுதான் பிடிபடாத வகை. பக்கத்தில் 12.75, உங்களிடம் 14.75. யாருடையது சரி?

முதலில் முரட்டுச் சோதனை. g-இன் மதிப்பு 1-க்கும் 2-க்கும் நடுவில், அகலம் 8. எனவே விடை 8-க்கும் 16-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டு விடைகளுமே இதில் தேறிவிடுகின்றன. கொஞ்சம் நெருக்கிப் பார்க்க வேண்டும்.

x = 1 முதல் 2 வரை f மேலே போகப் போகச் செங்குத்தாகிறது. அதைத் திருப்பிப் பார்த்தால் g போகப் போகத் தட்டையாகிறது. தட்டையாகிக்கொண்டே போகும் வளைவரையின் இரு முனைகளையும் ஒரு நாணால் சேர்த்தால், நாண் வளைவரைக்கு அடியில் கிடக்கும். நாணின் அடியில் இருக்கும் சரிவகத்தின் பரப்பு 8 × 1.5 = 12. எனவே விடை 12-க்கு மேல். அப்புறம் நடுவில், y = 6 இல் ஒரு தொடுகோடு போடுங்கள். அது வளைவரைக்கு மேலே கிடக்கும். அதன் அடியில் இருக்கும் பரப்பு 8 × g(6). x³ + x = 6 என்பதற்குக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் x = 1.635 கொஞ்சம் அதிகமாகிறது, ஆகவே g(6) அதற்குக் கீழே. 8 × 1.635 = 13.08. ஆகவே சரியான விடை 12-க்கும் 13.08-க்கும் இடையில்தான்.

14.75 அடிபட்டுவிட்டது. அது எப்படி வந்தது என்பதும் உடனே தெரிகிறது: 12.75-ஐவிடச் சரியாக 2 அதிகம். அந்த 2 நாம் வெட்டி எடுத்த சின்னச் செவ்வகம். a·f(a)-ஐக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். வகுப்பில் பெரும்பாலான உதாரணங்கள் 0-இலிருந்து தொடங்குவதால் சின்னச் செவ்வகம் அங்கே சுழியாகிவிடும். அந்தப் பழக்கத்தில் கை தானாக b·f(b)-யோடு நின்றுவிடுகிறது.

அறிகுறி: g எங்கேயும் நேர்மம்தான், ஆனால் விடை மைனஸ்

f இறங்கும் சார்பாக இருந்தால் இப்படி ஆகும். f(x) = 4 − x − x³ எடுத்துக்கொள்ளுங்கள். f(0) = 4, f(1) = 2. கேள்வி ∫₂⁴ g(y) dy. சூத்திரத்தில் அப்படியே போட்டு 1·2 − 0 − 13/4 = −5/4 என்று எழுதுகிறார்கள். g-இன் மதிப்பு 0-க்கும் 1-க்கும் இடையில். அப்புறம் எப்படி மைனஸ் வரும்?

சூத்திரம் தப்பில்லை. அதில் g-இன் எல்லை f(a)-யிலிருந்து f(b)-க்குப் போகிறது, அதாவது இங்கே 4-இலிருந்து 2-க்கு. −5/4 என்பது அந்தத் தலைகீழ்த் தொகையீடு. எல்லையைத் திருப்பினால் 5/4. படத்திலும் பார்த்துவிடுங்கள்: இறங்கும் வளைவரையில் மூலைமட்ட வடிவமே கிடையாது. வளைவரைக்கு அடியில் மொத்தம் 13/4. அதில் 1 × 2 செவ்வகம் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் மிஞ்சியிருக்கும் தொப்பி 13/4 − 2 = 5/4. y = 2 முதல் 4 வரை y-அச்சை ஒட்டி இருப்பது அந்தத் தொப்பிதான். ஏறும் சார்பின் படத்தை மனசில் வைத்துக்கொண்டு இறங்கும் சார்புக்குக் கணக்குப் போட்டால் அடையாளம் தப்பத்தான் செய்யும்.

அறிகுறி: விடை இருக்கக்கூடிய அதிகபட்சத்தையே தாண்டிவிட்டது

f(x) = x³ − 3x. f(0) = 0, f(2) = 2. உடனே 2·2 − ∫₀² (x³ − 3x) dx = 4 − (−2) = 6 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் y 0-இலிருந்து 2 வரை போகும்போது அகலம் 2 தானே. x-இன் மதிப்பும் 2-ஐத் தாண்டவில்லை. 4-க்கு மேல் எப்படிப் போகும்?

f′(x) = 3x² − 3. 0 முதல் 1 வரை f இறங்குகிறது, −2 வரை போகிறது, பிறகு ஏறுகிறது. 0-இலிருந்து 2 வரை இது ஒன்றுக்கொன்றான சார்பே இல்லை, ஆகவே அந்த இடைவெளியில் நேர்மாறு என்ற ஒன்றே கிடையாது. மேலே அந்த "ஏறும் சார்பு" வரியை எழுதச் சொன்னது இதற்காகத்தான். எழுதப் போனால் இங்கே பேனா நின்றிருக்கும்.

கேள்வியில் f-இன் சார்பகம் x ≥ 1 என்று கொடுத்திருந்தால் கணக்கு உண்டு. அப்போது f(x) = 0 ஆகும் இடம் x = 0 அல்ல, x = √3. எல்லைகள் √3, 2. f-இன் தொகையீடு அங்கே −2 − (−9/4) = 1/4. விடை 4 − 1/4 = 15/4 = 3.75. g 1.732-க்கும் 2-க்கும் இடையில் இருப்பதால் 3.46-க்கும் 4-க்கும் நடுவில் வர வேண்டும், வருகிறது.

தப்பான 6-க்கும் சரியான 3.75-க்கும் வித்தியாசம் 9/4. 0 முதல் √3 வரை வளைவரை x-அச்சுக்கு அடியில் முங்கியிருக்கிறதே, அந்தப் பள்ளத்தின் பரப்பும் 9/4 தான். கழிக்க வேண்டிய இடத்தில் மைனஸ் பரப்பு கலந்து, விடை அந்த அளவுக்கு வீங்கிவிட்டது.

அறிகுறி: ∫ sin⁻¹x dx-க்கு விடையில் cos x வந்திருக்கிறது

வரையறுத்த தொகையீட்டை விட்டு எல்லை இல்லாத தொகையீட்டுக்குப் போனால் சூத்திரம் இப்படி ஆகும்: F என்பது f-இன் தொகையீடு என்றால்,

∫ g(x) dx = x g(x) − F(g(x)) + C

பிள்ளைகள் F(g(x)) என்பதில் g-ஐ விட்டுவிட்டு F(x) என்று எழுதிவிடுகிறார்கள். f = sin என்றால் F = −cos. எனவே x sin⁻¹x + cos x. தப்பு. cos-க்குள் போக வேண்டியது x அல்ல, sin⁻¹x. cos(sin⁻¹x) = √(1 − x²). சரியான விடை x sin⁻¹x + √(1 − x²) + C.

சந்தேகமிருந்தால் 0 முதல் 1 வரை போட்டுப் பாருங்கள். sin⁻¹x அந்த இடைவெளியில் போகப் போகச் செங்குத்தாகிறது, ஆகவே நாணுக்கு அடியில் தொங்கும், பரப்பு π/4 = 0.785-க்குக் கீழே இருந்தாக வேண்டும். cos x போட்ட விடை 1.111 தருகிறது. சரியானது π/2 − 1 = 0.571. இந்த π/2 − 1 செவ்வகப் படத்திலேயே இருக்கிறது: செவ்வகம் 1 × π/2, அதிலிருந்து கழிப்பது 0 முதல் π/2 வரை sin-இன் பரப்பு, அது 1.

பை பார்ட்ஸில் நேராகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. sin⁻¹x தனியாக நிற்கிறதே, பெருக்க இன்னொன்று எங்கே என்று தேடாதீர்கள். 1 × sin⁻¹x. அதில் u = sin⁻¹x, dv = dx. மாற்றி எடுத்தால் sin⁻¹x-இன் தொகையீடு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும், அதுதானே கேள்வி!

அறிகுறி: எல்லை அழகான எண்ணாக வரவில்லை

முதல் கணக்குக்கே திரும்புவோம், எல்லையை மட்டும் மாற்றி: f(x) = x³ + x, ∫₀⁵ g(y) dy. x³ + x = 5 ஆகும் முழு எண் இல்லை. இங்கே நிறையப்பேர் கணக்கே தப்பு என்று விட்டுவிடுகிறார்கள். தப்பில்லை. அந்த x-ஐ c என்று வைத்துக்கொண்டால் விடை

5c − c⁴/4 − c²/2

c-ஐத் தோராயமாகக் கண்டுபிடித்தால் போதும். தட்டிப் பார்த்தால் c ≈ 1.516. விடை 5.1104. சரி, c-ஐச் சோம்பேறித்தனமாக 1.5 என்று போட்டிருந்தால்? 7.5 − 1.2656 − 1.125 = 5.1094. c-இல் 0.016 பிழை இருக்க, விடையில் 0.001 மட்டுமே பிழை.

இது தற்செயல் இல்லை. மேலே இருக்கும் கோவையை c-ஐப் பொறுத்து வகையிட்டால் 5 − c³ − c. சரியான c-இல் அது சுழி. அதாவது நாம் தேடும் விடை இந்தக் கோவையின் பெரும மதிப்பு, மலை உச்சியில் கொஞ்சம் இப்படி அப்படி நகர்ந்தாலும் உயரம் அதிகம் குறையாது. படத்திலும் இது தெரியும். c-ஐக் குறைத்துப் போட்டால் செவ்வகத்தின் வலது விளிம்பு இடப்பக்கம் நகர்ந்து, வேண்டிய பகுதியின் மேல் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் போன்ற துண்டு விட்டுப்போகும். கூட்டிப் போட்டால் வளைவரை செவ்வகத்துக்கு மேலே துருத்திக்கொண்டு போய், அந்தத் துண்டு கூடுதலாகக் கழிபடும். இரண்டு பக்கமும் விடை குறையத்தான் செய்யும், கூடவே கூடாது. 1912இல் வில்லியம் ஹென்றி யங் எழுதிய சமனின்மை இதே படம்தான்.

ஆகவே நோட்டில் இரண்டு பேர் இரண்டு தோராயமான c போட்டு வேறு வேறு விடை கொண்டுவந்தால், கூட்டல் கழித்தல் சரியாக இருக்கும் பட்சத்தில், பெரிய விடைதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.